OH-னு பார்த்ததும் ஆல்கஹால்னு எழுதாதீங்க: ஆர்கானிக் ரியாக்‌ஷன்ல ப்ராடக்ட் கண்டுபிடிக்கிற வழி

ப்ளஸ் டூ, பிஎஸ்சி பசங்க என்கிட்ட அதிகமா கேக்கிற கேள்வி, "அண்ணா, இத்தனை ரியாக்‌ஷனையும் எப்படி மனப்பாடம் பண்றது?"ங்கிறதுதான். முக்கால்வாசிய மனப்பாடம் பண்ணவே வேணாம். அம்பின் இடது பக்கம் இருக்கிற மூலக்கூறுல எந்த பங்ஷனல் குரூப் இருக்கு, அதாவது பாடப்புத்தகத்துல வினைசெயல் தொகுதின்னு போட்டிருப்பாங்களே அது எது எதுன்னு முதல்ல பார்த்துட்டு, அப்புறமா அம்புக்கு மேல எழுதியிருக்கிற ரியேஜென்ட்ட பார்த்தா ப்ராடக்ட் பெரும்பாலும் தானா வந்துடும். ஆனா நம்ம பசங்க செய்யிறது தலைகீழ், அம்புக்கு மேல H2SO4-னு பார்த்த உடனே "ஆ, தண்ணி வெளிய போகும், ஆல்கீன்"னு எழுதிட்டு போயிடறாங்க.

பத்து மூலக்கூற மேலோட்டமா பாக்கிறதவிட ஒன்னை உருட்டி உருட்டி பாக்கலாம். சாலிசிலிக் ஆசிட். இதை எடுத்ததுக்கு காரணம், இதுல ரெண்டு OH இருக்கு, ரெண்டும் ஒன்னுக்கொன்னு சம்பந்தமில்லாத மாதிரி நடந்துக்கும். ஒரு ரியேஜென்ட் போட்டா ஆஸ்பிரின் வரும், இன்னொன்னு போட்டா மூட்டுவலித் தைலத்து வாசனை வரும்.

முதல் வேலை: சுருக்கி எழுதினதை விரிச்சு வரைங்க

கேள்வித்தாள்ல HOC6H4COOH-னு ஒரே வரியில கொடுத்திருப்பாங்க. அதை அப்படியே வச்சுக்கிட்டு யோசிக்காதீங்க, பென்சீன் வளையத்த வரைங்க, ஒரு கார்பன்ல OH, பக்கத்து கார்பன்ல COOH. அந்த COOH-ஐயும் விரிச்சு, ஒரு கார்பன், அதுக்கு மேல ரெட்டைக் கோட்டுல ஒரு O, பக்கவாட்டுல ஒரு OH-னு போடுங்க. அரை நிமிஷம் ஆகும். இதை சோம்பேறித்தனத்துல விட்டவங்கதான் CHO-வ COH-னு படிச்சு ஆல்டிஹைட ஆல்கஹாலா மாத்திடறாங்க, நான் எத்தனையோ பேப்பர்ல பார்த்திருக்கேன்.

ரெண்டாவது: OH எந்த வீட்டு OH?

இங்கதான் விஷயமே இருக்கு. OH-ஐ மட்டும் வட்டம் போடாதீங்க, அது உக்காந்திருக்கிற கார்பனையும் சேர்த்து வட்டம் போடுங்க. அந்த கார்பன் சாதாரண ஒத்தைக் கோட்டு கார்பனா இருந்தா ஆல்கஹால். பென்சீன் வளையத்து கார்பனே நேரா OH-ஐ பிடிச்சிருந்தா பீனால். அந்த கார்பன் இன்னொரு O-வ ரெட்டைக் கோட்டுல பிடிச்சிருந்தா கார்பாக்ஸிலிக் ஆசிட். மூணுலயும் எழுத்து அதே OH, குணம் வேற வேற.

எவ்வளவு வேறன்னா, H-ஐ எவ்வளவு சுலபமா விட்டுக் கொடுக்கும்னு pKa சொல்லும், எண் சின்னதா இருந்தா சுலபமா விடும்னு அர்த்தம். எத்தனாலுக்கு சுமார் 16, பீனாலுக்கு 10, சாலிசிலிக் ஆசிட்ல இருக்கிற COOH-க்கு சுமார் 3. ஒவ்வொரு எண்ணுக்கும் பத்து மடங்குன்னு கணக்கு, அப்போ பீனாலுக்கும் இந்த COOH-க்கும் நடுவுல கோடி மடங்கு வித்தியாசம்!

இன்னொரு குணமும் முக்கியம், பல பேர் கவனிக்காதது. ஆல்கஹால்ல கார்பனுக்கும் O-வுக்கும் நடுவுல இருக்கிற பிணைப்ப உடைக்கலாம், OH வெளிய போயி அந்த இடத்துல Br வரலாம். பீனால்ல அது நடக்காது. O-வோட எலக்ட்ரான் ஜோடி வளையத்துக்குள்ள கொஞ்சம் பரவி அந்த பிணைப்பு பாதி ரெட்டைப் பிணைப்பு மாதிரி இறுகிப் போயிருக்கும். அதனால பீனாலோட HBr சேர்த்து "புரோமோபென்சீன்"னு எழுதினா சைபர்தான். பீனால்ல உடையிறது O-க்கும் H-க்கும் நடுவுல மட்டும்னு வச்சுக்கோங்க, நம்ம பாடத்து அளவுக்கு அது போதும்.

மூணாவது: ரியேஜென்ட் கொடுக்க வந்திருக்கா, வாங்க வந்திருக்கா?

இப்போதான் அம்புக்கு மேல பாக்கணும். வந்திருக்கிற ஆளு எலக்ட்ரான் ஜோடிய கையில வச்சிக்கிட்டு கொடுக்க வந்திருக்கா, இல்ல எலக்ட்ரான் பத்தாம வாங்க வந்திருக்கா? கொடுக்க வந்தா நம்ம மூலக்கூறுல வாங்குற இடத்தைத் தேடும், வாங்க வந்தா கொடுக்கிற இடத்தைத் தேடும். சந்தையில வியாபாரம் மாதிரிதான், ரெண்டு பேருமே விக்க வந்தா பேரம் நடக்காது.

சாலிசிலிக் ஆசிட்ல கொடுக்கிற இடம் எது? பீனால் O, அதுல சும்மா இருக்கிற எலக்ட்ரான் ஜோடி இருக்கு. வாங்குற இடம் எது? COOH-ல நடுவுல இருக்கிற கார்பன், ரெண்டு பக்கமும் ரெண்டு O இழுத்து இழுத்து அது எலக்ட்ரானுக்கு ஏங்கிப் போயிருக்கு.

ஆனா இந்தக் கேள்விக்கு முன்னாடியே ஒரு சின்னக் கேள்வி உண்டு, வந்தவன் காரமா? காரமா இருந்தா வேற எதுவும் நடக்கிறதுக்கு முன்னாடி H-ஐ பிடுங்கிறதுதான் முதல்ல நடக்கும், ஏன்னா H கை மாறுறது ரொம்ப ரொம்ப வேகமான வேலை. இதை மறந்தா என்ன ஆகும்னு கடைசியில காட்டுறேன்.

இப்போ ஒன்னொன்னா போட்டுப் பார்ப்போம்

முதல்ல சோடியம் பைகார்பனேட், நம்ம வீட்டு ஆப்பசோடா. காரம், ஆனா பலவீனமான காரம். இது H-ஐ வாங்கினா கார்பானிக் ஆசிட் ஆகும், அதோட pKa சுமார் 6.4, அதைவிட சின்ன எண் உள்ள ஆசிட்டைத்தான் இதால அசைக்க முடியும். COOH 3, அது விழுந்துடும். பீனால் OH அசையாது. அதனால ப்ராடக்ட் சோடியம் சாலிசிலேட், COOH மட்டும் COONa ஆகும், பீனால் OH அப்படியே நிக்கும், CO2 பொங்கும். பசங்க ரெண்டு OH-யையும் ONa ஆக்கிடுவாங்க, அது NaOH-ஐ தாராளமா போட்டா வர்றது, ஆப்பசோடாவுக்கு இல்ல. டெஸ்ட் ட்யூப்ல பீனாலையும் சாலிசிலிக் ஆசிடையும் தனித்தனியா எடுத்து பைகார்பனேட் கரைசல் ஊத்தினா ஒன்னு சும்மா இருக்கும், இன்னொன்னு நுரைச்சுக்கிட்டு வரும், ஒருதரம் கண்ணால பார்த்துட்டா மறக்காது.

அடுத்தது அசிட்டிக் அன்ஹைட்ரைடு, கூட நாலஞ்சு சொட்டு கான்க் சல்ஃப்யூரிக் ஆசிட். அன்ஹைட்ரைட வரைஞ்சு பாருங்க, நடுவுல ஒரு O, ரெண்டு பக்கமும் C=O, ரெண்டு கார்பனும் எலக்ட்ரானுக்கு பஞ்சத்துல அடிபட்டது மாதிரி இருக்கும். அப்போ இது வாங்க வந்த ஆளு. நம்ம பக்கம் கொடுக்கிற இடம் பீனால் O. அது போயி ஒரு C=O கார்பன்ல ஒட்டும், பீனாலோட H போயிடும், அந்த இடத்துல CH3CO வந்து உக்காரும், மிச்சப் பாதி அசிட்டிக் ஆசிடா வெளிய போகும். வந்தது ஆஸ்பிரின். COOH-ல கை வைக்கவே இல்ல.

"அண்ணா COOH-லயும் OH இருக்கே, அதுவும் கொடுக்கலாம்ல?"னு ஒரு பொண்ணு கேட்டுச்சு, நல்ல கேள்வி. கொடுக்கலாம், ஆனா அப்படி வர்றது இன்னொரு அன்ஹைட்ரைடு, அது நிலைச்சு நிக்காது, திரும்பப் பிரிஞ்சுடும், தண்ணி பட்டாலும் உடைஞ்சுடும். பீனால்ல ஒட்டினது எஸ்டர், அது நிக்கும். கடைசியில பாத்திரத்துல எது மிஞ்சுதோ அதுதான் ப்ராடக்ட்.

லேப்ல பண்றப்போ 2 கிராம் சாலிசிலிக் ஆசிட், 5 மில்லி அன்ஹைட்ரைடு, ஐஞ்சு சொட்டு ஆசிட், சுடுதண்ணியில வச்சு ஒரு பத்து பதினஞ்சு நிமிஷம், அப்புறம் குளிர்ந்த தண்ணிய ஊத்தி ஐஸ்ல வச்சா வெள்ளையா படிகம் விழும். அன்ஹைட்ரைடு ஆவி கண்ணையும் மூக்கையும் எரிக்கும், ஃப்யூம் ஹூட்ல வச்சுதான் பண்ணணும். கணக்குப்படி 2 கிராமுக்கு 2.6 கிராம் வரணும், ஏன்னா 138 எடை உள்ள மூலக்கூறு 180 ஆகுது. இந்த 42 வித்தியாசத்த கவனிங்க, ஒரு H போயி CH3CO வந்தா சரியா 42 கூடும். ப்ராடக்ட் எழுதி முடிச்சதும் எடையக் கூட்டிப் பாக்கிற பழக்கம் இருந்தா பாதி தப்பு அங்கயே மாட்டிக்கும். யாராவது ரெண்டு இடத்துலயும் CH3CO ஒட்டியிருந்தா எடை 222-னு காட்டும், அப்போவே சந்தேகம் வந்துடணும்.

மூணாவது மெத்தனால், கூட கான்க் சல்ஃப்யூரிக் ஆசிட், சூடு. மெத்தனால் O-வுல எலக்ட்ரான் ஜோடி இருக்கு, அப்போ இது கொடுக்க வந்த ஆளு. வாங்குற இடம் நம்மகிட்ட COOH கார்பன். சல்ஃப்யூரிக் ஆசிட் என்ன பண்ணுதுன்னா அந்த C=O-வுல ஒரு H-ஐ ஏத்தி, ஏற்கனவே ஏங்கிக்கிட்டு இருந்த கார்பன இன்னும் ஏங்க வைக்குது, அவ்வளவுதான், கடைசியில அது திரும்ப வந்துடும். மெத்தனால் ஒட்டுது, தண்ணி வெளிய போகுது, COOH இருந்த இடம் COOCH3 ஆகுது. பீனால் OH இங்க தொடப்படல, ஏன்னா ரெண்டு பேரும் கொடுக்கிற ஜாதி. ப்ராடக்ட் மெத்தில் சாலிசிலேட், எடை 152, 14 கூடியிருக்கு. ஊட்டிப் பக்கம் போனா கடைக்குக் கடை விண்டர்கிரீன் தைலம்னு விக்கிறாங்களே, அந்த வாசனைதான். டெஸ்ட் ட்யூப்ல சூடு பண்ணி தண்ணியில கொட்டினா லேப் பூரா தைலம் தேய்ச்ச தாத்தா நடந்து போன மாதிரி மணக்கும்.

இங்க வெளிய போற தண்ணியோட O யாரோடது, ஆசிடோடதா மெத்தனாலோடதா? இது பரீட்சையில அடிக்கடி வரும். 1938-ல ராபர்ட்ஸும் யூரேயும் கனமான ஆக்ஸிஜன், அதாவது ஆக்ஸிஜன்-18 கலந்த மெத்தனாலை எடுத்து பென்சாயிக் ஆசிடோட சேர்த்துப் பார்த்தாங்க. கனமான O எஸ்டருக்குள்ள போயிருந்துச்சு, தண்ணிக்கு வரல. அப்போ OH போறது ஆசிட் பக்கத்துலேர்ந்து, மெத்தனால் தன் H-ஐ மட்டும்தான் விடுது. கொடுக்க வந்தவன் தன் O-வோட வந்து உக்காந்துட்டான்னு ஞாபகம் வச்சா அந்த சோதனையவே மனப்பாடம் பண்ண வேண்டியதில்ல.

ஆஸ்பிரின், மெத்தில் சாலிசிலேட், ரெண்டுலயும் அம்புக்கு மேல சல்ஃப்யூரிக் ஆசிட் இருக்கு, ரெண்டுலயும் எஸ்டர்தான் வருது, ஆனா எஸ்டர் உருவான இடம் வேற. H2SO4-ஐ பார்த்து ப்ராடக்ட் எழுதுறவங்க விழுற குழி இதுதான்.

எழுதினது சரியான்னு லேப்ல எப்படி தெரியும்?

ஃபெரிக் குளோரைடு கரைசல் ஒரு சொட்டு. பீனால் OH வெறுமனா இருந்தா ஊதா நிறம் வரும். சாலிசிலிக் ஆசிட்: ஊதா. மெத்தில் சாலிசிலேட்: ஊதா, ஏன்னா பீனால் OH இன்னும் இருக்கு. சுத்தமான ஆஸ்பிரின்: ஊதா வராது, அங்க H போயாச்சு. நான் முதல்தரம் ஆஸ்பிரின் பண்ணினப்போ கத்தரிப்பூ நிறத்துல பளிச்சுன்னு வந்துச்சு, ரியாக்‌ஷன் நடக்கவே இல்லைன்னு நினைச்சு முழுசையும் கொட்டப் போனேன். லேப் அசிஸ்டென்ட் ஒருத்தர்தான் தடுத்து, "கழுவி, மறுபடி படிகமாக்கிட்டு வந்து போட்டுப் பாரு தம்பி"ன்னார். மிச்சமிருந்த கொஞ்சூண்டு சாலிசிலிக் ஆசிட்தான் நிறம் காட்டியிருக்கு. பழைய ஆஸ்பிரின் மாத்திரைய பொடிச்சுப் போட்டாலும் லேசா ஊதா வரலாம், ஈரத்துல எஸ்டர் உடைஞ்சு சாலிசிலிக் ஆசிட் திரும்ப வந்துடுது, அதே காரணத்தாலதான் வினிகர் வாசனையும் அடிக்குது.

இந்த வழி எங்க தடுக்கும்?

ரெண்டு குரூப் பக்கத்துல பக்கத்துல இருந்தா ஒன்னை ஒன்னு பாதிக்கும், தனித்தனியா பார்த்தா தப்பு வரும். சாதாரண பீனாலுக்கு pKa 10-னு சொன்னேன்ல, சாலிசிலிக் ஆசிட்ல COOH-ஓட H போன பிறகு பீனால் OH-க்கு அது 13-ஐ தாண்டிடும். பக்கத்துல இருக்கிற COO மைனஸ் அந்த H-ஐ கெட்டியா பிடிச்சு வச்சுக்குது.

இன்னொன்னு, வளையத்த மறந்துடறோம். புரோமின் தண்ணி வாங்க வந்த ஆளு, ஆனா அது பீனால் O-வ விட்டுட்டு, O எலக்ட்ரானை தள்ளிவிட்டு செழிப்பா வச்சிருக்கிற வளையத்துல போயி விழும், OH-க்கு பக்கத்து இடங்கள்லயும் எதிர் இடத்துலயும். புரோமின் தாராளமா இருந்தா பக்கத்து இடத்துல உக்காந்திருக்கிற COOH-ஐயே CO2-வா கிளப்பி விட்டுட்டு அங்கயும் Br வந்துடும், கடைசியில கிடைக்கிறது 2,4,6-ட்ரைபுரோமோபீனால். இதை குரூப் பார்த்து யாரும் ஊகிக்க முடியாது, இது தெரிஞ்சு வச்சுக்க வேண்டியது, நானும் மனப்பாடம்தான் பண்ணினேன்.

ரிடக்‌ஷன்லயும் ஆளுக்கு ஆளு பலம் வேற. NaBH4 ஆல்டிஹைடையும் கீட்டோனையும் மடக்கும், COOH கிட்ட தோத்துடும். LiAlH4 போட்டா COOH-ஐ CH2OH ஆக்கிடும், ஆனா அதுவும் முதல்ல ரெண்டு OH-ஓட H-ஐயும் பிடுங்கி ஹைட்ரஜன் வாயுவா விட்டுட்டுதான் ரிடக்‌ஷனுக்கே வரும்.

கடைசியா ஒன்னு முழுசா: மெத்தில் சாலிசிலேட் கூட NaOH, அப்புறம் HCl

தாள்ல முதல்ல நீங்க போட்டுப் பார்த்துட்டு கீழ படிங்க.

குரூப் என்னென்ன? பீனால் OH ஒன்னு, எஸ்டர் ஒன்னு. NaOH பலமான காரம், கொடுக்க வந்த ஆளும்தான். காரம்னா முதல்ல H. அதனால எஸ்டரை தொடறதுக்கு முன்னாடி பீனால் H போகும், O மைனஸ் ஆகும். இது வெறும் தாள்ல எழுதுற கதை இல்ல, எண்ணெய் மாதிரி இருக்கிற மெத்தில் சாலிசிலேட்ட NaOH கரைசல்ல விட்ட உடனே குபுக்குன்னு வெள்ளையா கெட்டியா ஒன்னு வரும், அதான் அந்த சோடியம் உப்பு. பசங்க "சார் ப்ராடக்ட் வந்துடுச்சு"ன்னு வடிகட்ட கிளம்பிடுவாங்க. எஸ்டர் இன்னும் உடையவே இல்ல! சூடு பண்ணப் பண்ண அந்த வெள்ளை கரையும், ஒரு அரை மணி நேரம் ரிஃப்ளக்ஸ்ல விட்டா OH மைனஸ் எஸ்டர் கார்பனை தாக்கி மெத்தனாலை வெளிய தள்ளி COO மைனஸ் ஆக்கிடும். தைல வாசனை போயிருக்கும்.

இதுல NaOH எவ்வளவு வேணும்னு கேட்டா, ஒரு எஸ்டருக்கு ஒன்னுன்னு எழுதுறதுதான் வழக்கமான தப்பு. பீனால் ஒன்னை சாப்பிட்டுடும், எஸ்டர் ஒன்னு, ஆக குறைஞ்சது ரெண்டு. 1.52 கிராம் மெத்தில் சாலிசிலேட், அதாவது 0.01 மோல் எடுத்தா NaOH குறைஞ்சது 0.8 கிராம், லேப்ல அதைவிட கூடவே போடுவாங்க. முடிவுல கணக்குப்படி 1.38 கிராம் சாலிசிலிக் ஆசிட் வரணும்.

இப்போ கரைசல்ல ரெண்டு மைனஸ் இருக்கு. HCl விடும்போது முதல்ல H-ஐ வாங்குறது யாரு? pKa பெருசா இருக்கிறவன், பீனால் O. அது முதல்ல நிரம்பிடும். COO மைனஸ் கடைசியிலதான் வாங்கும், அதுவரைக்கும் சோடியம் சாலிசிலேட்டா தண்ணியில கரைஞ்சே இருக்கும். காலேஜ்ல நான் லிட்மஸ் லேசா சிவந்ததும் போதும்னு HCl-ஐ நிறுத்திட்டு அரை மணி நேரம் ஐஸ்ல வச்சிக்கிட்டு பீக்கரையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன், ஒரு பொட்டு வெள்ளை வரல. COOH-ஓட pKa 3-னா pH அதுக்கும் கீழ இறங்கணும்ங்கிறது அப்போ மண்டையில ஏறல. பக்கத்து டேபிள் பையன் என் பீக்கர்ல இன்னும் ரெண்டு ட்ராப்பர் HCl விட்டான், அடுத்த செகண்ட் பால் திரிஞ்ச மாதிரி பீக்கர் பூரா வெள்ளையாச்சு.